காலியான நான்கு இருக்கைகளின் கணக்கு

சென்னையில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மே மாத விடுமுறைக்கு ஆறு நாள் காஷ்மீர் டூர் பேக்கேஜில் பணம் கட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு 45,000 ரூபாய் வீதம் 1,80,000. அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 9,000. புறப்பட 18 நாள் இருக்கும்போது வீட்டம்மா மாடிப்படியில் சறுக்கிக் காலை முறித்துக்கொள்கிறார். போனில் ரத்து செய்யச் சொல்கிறார்கள். நிறுவனம் பதிவுப் படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டுகிறது. புறப்பட 30 நாளுக்கு மேல் இருந்தால் 25 சதவீதம், 30 முதல் 15 நாள் வரை 50, அதற்கும் குறைந்தால் 75, கடைசி ஏழு நாளில் முழுப் பணமும் ரத்துக் கட்டணம். ஆக, பிடித்துக்கொள்வது 90,000 ரூபாய்.

இந்தக் குடும்பமும் இந்தத் தொகைகளும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. படிக்கட்டு போல ஏறும் இந்தச் சதவீத அட்டவணை மட்டும், சிறிய வேறுபாடுகளோடு, நம் ஊரில் டூர் விற்கிற பெரும்பாலானோரின் படிவங்களில் இருப்பதுதான். “நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்” என்றதும் பெரும்பாலோர் வாயடைத்துப் போகிறார்கள். கையெழுத்துப் போட்டதாலேயே அந்த 90,000 நிறுவனத்துக்குச் சொந்தமாகிவிட்டதா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் பதில்: ஆகவில்லை. அட்டவணையில் இருப்பது நிறுவனம் கேட்கக்கூடிய உச்சவரம்பு. அதற்குள் எவ்வளவு நியாயம் என்பதை அதன் உண்மையான நஷ்டம் முடிவு செய்யவேண்டும்.

இந்தியாவில் டூர் பேக்கேஜுக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015ஆம் ஆண்டின் பேக்கேஜ் பயண உத்தரவும் பிரிட்டனில் அதையொட்டி 2018இல் வந்த விதிகளும் உண்டு. நமக்கு இருப்பவை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும். நம் கேள்விக்கு இவை இரண்டுமே போதும்.

ஒப்பந்தத்தை ஒருவர் மீறினால் இவ்வளவு தரவேண்டும் என்று முன்கூட்டியே தொகை எழுதியிருந்தால் என்ன செய்வது என்பதை ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. எழுதிய தொகையைத் தாண்டாமல், நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும். இந்தப் பிரிவைத் தெளிவாக விளக்கிய தீர்ப்பு ஒரு மனை விற்பனையில் பிறந்தது. கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் ஏலத்தில் ஒரு மனையை 3.12 கோடி ரூபாய்க்கு எடுத்தது. முன்பணமாக 78 லட்சம் கட்டியது. பாக்கித் தொகை வராததால் ஆணையம் ஒதுக்கீட்டை ரத்து செய்து முன்பணத்தையும் எடுத்துக்கொண்டது. பிறகு அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. 2015இல் உச்ச நீதிமன்றம் அந்த 78 லட்சத்தைத் திருப்பித் தரச் சொன்னது. நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடு ஏது என்பதுதான் தீர்ப்பின் சாரம். நஷ்டத்தைக் கணக்கிடுவது கடினமான ஒப்பந்தங்களில், நேர்மையாக முன்மதிப்பிட்ட தொகையானால் அதையே தரலாம் என்று ஒரு விலக்கையும் நீதிமன்றம் வைத்தது.

மனைக்குப் பொருந்துவது பஸ் இருக்கைக்கும் பொருந்தும். நம் குடும்பம் விட்ட நான்கு இடங்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம்.

அந்த 1,80,000 ரூபாய் எங்கே போகிறது? ஸ்ரீநகர் போய்வர நான்கு பேருக்கும் விமான டிக்கெட் 56,000. ஐந்து இரவுக்கு இரண்டு அறை, படகு வீடு உட்பட, 50,000. பொது டெம்போ டிராவலரில் இவர்களுடைய பங்கு 22,000. குல்மார்க் கோண்டோலா டிக்கெட் 6,000. மிச்சம் 46,000. டூர் மேனேஜர் சம்பளம், விளம்பரம், அலுவலகச் செலவு எல்லாம் போக நிகர லாபம் 18,000 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், அந்த நான்கு இடங்களும் காலியாகவே போய்விட்டதாக நினைப்போம். குழு டிக்கெட் என்பதால் விமானக் கட்டணம் திரும்பாது. ஆனால் பயணிக்காதவரின் டிக்கெட்டில் அடங்கிய அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணங்களையும் விமான நிறுவனம் திருப்பித் தந்தாகவேண்டும். ‘நான் ரீஃபண்டபிள்’ டிக்கெட்டுக்கும் இது பொருந்தும் என்பது விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதி. அப்படி ஆளுக்கு 2,000 வந்தால் விமான நஷ்டம் 48,000. ஓட்டல்காரர்கள் குழுவுக்கென்று அறைகளை நிறுத்திவைக்கும்போது ஒரு விடுவிப்புத் தேதியும் கொடுப்பார்கள். அதற்குள் சொல்லிவிட்டால் அறையை நஷ்டமில்லாமல் திருப்பிவிடலாம், அல்லது ஓரிரவு வாடகையோடு போகும். இங்கே ஓரிரவு, 10,000. கோண்டோலா 6,000. வண்டி நான்கு பேர் குறைந்தாலும் ஓடத்தான் வேண்டும். அதன் வாடகை குறையாது. ஆக 22,000. இதுவரை 86,000. ஒப்பந்தம் முறிந்ததால் கைநழுவிய லாபத்தையும் நஷ்டத்தில் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. அதையும் கூட்டினால் 1,04,000. நிறுவனம் பிடித்த 90,000 இதைவிடக் குறைவுதான். இந்த நிலையில் நிறுவனத்தின் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. குடும்பம் பணத்தை விட்டுக்கொடுப்பதே முறை.

இப்போது அதே கதையில் ஒன்றை மட்டும் மாற்றுவோம். மே மாதம், காஷ்மீர், காத்திருப்போர் பட்டியலில் வேறொரு குடும்பம் இருக்கிறது. விமான நிறுவனம் குழு டிக்கெட்டில் பெயர் மாற்ற அனுமதிக்கும் கெடு இன்னும் முடியவில்லை. நான்கு பேரின் பெயரை மாற்றி, அதே அறைகளில், அதே வண்டியில் புதியவர்கள் போய்வருகிறார்கள். அதே விலையும் கட்டுகிறார்கள். நிறுவனத்துக்கு ஆன நஷ்டம் பெயர் மாற்றக் கட்டணமும் கொஞ்சம் அலுவலக வேலையும். சில ஆயிரங்களில் முடிந்துவிடும். ஆனாலும் பிடித்தது 90,000. அந்த நான்கு இருக்கைகளில் இரண்டு முறை வருமானம் வந்துவிட்டது. இது அந்த மனைக் கதையேதான்.

அட்டவணை ஒன்றுதான், தேதி ஒன்றுதான், கையெழுத்தும் ஒன்றுதான். ஒரு நிலையில் அந்தத் தொகை நியாயம், மற்றொன்றில் அநியாயம். எந்த நிலை நடந்தது என்பது பணம் கட்டியவருக்குத் தெரியாது. நிறுவனத்தின் பதிவேட்டுக்குத்தான் தெரியும். ஒருவருக்கு மட்டுமே தெரிந்த உண்மையை அவர்தான் நிரூபிக்கவேண்டும் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பழைய நெறி. அதனால் ரத்து செய்தவர் எழுத்தில் கேட்கவேண்டியது சலுகை அல்ல, கணக்கு: என் பெயரில் எடுத்த டிக்கெட்டின் பிஎன்ஆர் என்ன, அது ரத்தானதா பெயர் மாறியதா, விமான நிறுவனம் எவ்வளவு திருப்பியது, ஓட்டலுக்கு என் அறைக்காக எப்போது எவ்வளவு கட்டினீர்கள், அந்த இடத்தில் வேறு யாராவது பயணித்தார்களா. நான்கைந்து வரியில் மின்னஞ்சல் போதும். பதில் வராமல் போனால், அந்த மௌனமே பின்னாளில் நுகர்வோர் ஆணையத்தின் முன் ஒரு சாட்சியாக நிற்கும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(46) பிரிவு இதற்கு இன்னொரு பலம். எதிர்த்தரப்புக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை நுகர்வோர்மேல் சுமத்தும் ஒப்பந்தத்தை அது ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்கிறது. தக்க காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள உரிமை தரும் நிபந்தனையும் அதே பட்டியலில் வருகிறது. பல படிவங்களில், போதிய ஆள் சேரவில்லை என்றால் நிறுவனம் டூரை ரத்து செய்யலாம், கட்டிய பணத்தைத் தந்தால் போதும் என்று இருக்கும். பயணி 18 நாளுக்கு முன் விலகினால் பாதிப் பணம் போகிறது. நிறுவனம் 18 நாளுக்கு முன் விலகினால் அதற்கு ஒரு ரூபாயும் போவதில்லை. பயணிக்கோ வாங்கிய லீவும் அலைச்சலும் வீண். ஐரோப்பிய உத்தரவில்கூட ஆள் சேராவிட்டால் ரத்து செய்ய அனுமதி உண்டு. ஆனால் ஆறு நாளுக்கு மேற்பட்ட பயணமென்றால் 20 நாளுக்கு முன்பும், இரண்டு முதல் ஆறு நாள் வரையிலான பயணமென்றால் ஏழு நாளுக்கு முன்பும் சொல்லியாகவேண்டும். நம் படிவங்களில் இப்படியொரு கெடுவைப் பணம் கட்டுமுன் கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

ஜிஎஸ்டியிலும் ஒரு சின்னக் கணக்கு தவறிப்போகிறது. ரத்துக் கட்டணத்துக்கு, மூலச் சேவைக்கு உரிய அதே வரி விகிதம்தான் என்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் சுற்றறிக்கை ஒன்று விளக்கியது. அப்படியானால் நம் குடும்பத்திடம் பிடித்த 90,000க்கு வரி 4,500. மீதி 90,000 ரூபாயோடு மீதி வரி 4,500ம் திரும்பவேண்டும். ‘வரி அரசுக்குப் போய்விட்டது, திரும்பாது’ என்று முழு 9,000ஐயும் கழித்தால் அது தவறு.

யாரும் விலகாமல், பயணமே நடக்கமுடியாமல் போனால்? 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஜம்மு காஷ்மீர் அரசு 87 சுற்றுலா இடங்களில் 48ஐ மூடியது. முன்பதிவு செய்த ஆயிரக்கணக்கானோர் ரத்து செய்யச் சொன்னார்கள். படிவங்களில் ‘தவிர்க்கமுடியாத சூழ்நிலை’ என்ற பத்தி இருக்கும். போர், வெள்ளம், நிலச்சரிவு, பயங்கரவாதம் எதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்று அது சொல்லும். பொறுப்பல்ல என்பது, நடந்ததற்கு இழப்பீடு தரமாட்டோம் என்ற அளவில் சரி. கையிலிருக்கும் பணத்தை வைத்துக்கொள்ள அது உரிமை தருகிறதா என்பது வேறு கேள்வி. செய்யமுடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது 56ஆம் பிரிவு. செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் பெற்ற பலனைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது 65ஆம் பிரிவு. அந்த நாட்களில் முக்கிய விமான நிறுவனங்கள் ஏப்ரல் 30 வரையிலான ஸ்ரீநகர் பயணங்களுக்கு ரத்துக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. விமான நிறுவனம் திருப்பித் தந்த பணத்தை இடையில் நிற்கும் டூர் நிறுவனம் சதவீத அட்டவணையைக் காட்டிப் பிடித்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. ஆனால் ஓர் எல்லை உண்டு. போகவே முடியாத நிலையும், போகப் பயமாக இருக்கும் நிலையும் சட்டத்தின் முன் ஒன்றல்ல. இடங்கள் திறந்திருந்து, விமானமும் ஓடி, மனம் ஒப்பாமல் விலகியவருக்கு 56ஆம் பிரிவு துணைக்கு வருவது கடினம். அவர் மறுபடி 74ஆம் பிரிவுக்கே வரவேண்டும்.

பயணத்திட்ட மாற்றத்துக்கு வருவோம். ‘முன்னறிவிப்பின்றிப் பயணத்திட்டத்தை மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு’ என்ற வரி இல்லாத படிவம் இல்லை. மலைப்பயணத்தில் அந்த உரிமை ஓரளவுக்குத் தேவைதான். குல்மார்க் கோண்டோலா இரண்டு கட்டமாக ஏறும். முதல் கட்டம் காங்டூரி வரை, இரண்டாவது அஃபர்வாட் மலை வரை. காற்று பலமாக அடித்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்கு டூர்காரர் என்ன செய்வார்? செவ்வாய் குல்மார்க், வியாழன் சோன்மார்க் என்று இருந்ததை முன்பின் மாற்றிப்போடுவதிலும் யாருக்கும் நஷ்டமில்லை.

சிக்கல் ஒரு பொருளை எடுத்துவிடும்போதுதான். இரண்டாம் கட்டம் ஓடவில்லை என்றால் அந்த டிக்கெட் பணம் யாரிடம் நிற்கிறது? கோண்டோலா நிர்வாகம் அதைத் திருப்பினால் அது பயணியின் பணம். டிக்கெட்டே எடுக்காமல் விட்டிருந்தாலும் அது பயணியின் பணம்தான், ஏனென்றால் பேக்கேஜ் விலைக்குள் அது இருந்தது. பராமரிப்புக்காகக் கோண்டோலா அந்த வாரம் மூடியிருக்கும் என்று முன்பே தெரிந்தும், பாக்கிப் பணம் வாங்கும்வரை சொல்லாமல் இருந்தால் அது இன்னும் மோசம். தெரிந்த செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்று 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(11) பிரிவு சொல்கிறது.

மாற்றம் என்ற பெயரே இல்லாமல் நடக்கும் மாற்றமும் உண்டு. பஹல்காமில் வெளியூர் வண்டி ஆரு பள்ளத்தாக்குக்கும் பேதாப் பள்ளத்தாக்குக்கும் போகமுடியாது. உள்ளூர் யூனியன் டாக்ஸிதான் எடுக்கவேண்டும். அதற்குத் தனியாகப் பணம். விளம்பரத்தில் இந்த இடங்களின் படம் பெரிதாக இருக்கும். ‘உள்ளூர் வண்டி சொந்தச் செலவில்’ என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும். பயணி அங்கே போய் இறங்கியபிறகுதான் படிக்கிறார். படிவத்தில் ‘சேர்ந்தவை’ என்ற பட்டியலைவிட ‘சேராதவை’ என்ற பட்டியலை முதலில் படியுங்கள் என்று அதனால்தான் சொல்கிறேன்.

சொன்னதற்கும் தந்ததற்கும் உள்ள இடைவெளியை எப்படி அளப்பது? இதில் பிரிட்டிஷ் நீதிமன்றத்தின் ஒரு பழைய தீர்ப்பு இன்றும் பேசப்படுகிறது. 1969 டிசம்பரில் போவதற்காக ஜார்விஸ் என்ற வழக்கறிஞர் ஸ்வான்ஸ் டூர்ஸ் விளம்பரத்தைப் பார்த்து, 63.45 பவுண்டுக்கு இரண்டு வார ஸ்விட்சர்லாந்து விடுமுறையைப் பதிவு செய்தார். விருந்தாளிகள் கூடி மகிழும் வீட்டு விருந்து என்றது விளம்பரம். முதல் வாரம் 13 பேர் இருந்தார்கள். இரண்டாம் வாரம் அவர் மட்டும். மாலை இசை என்று சொன்னது, உள்ளூர்க்காரர் ஒருவர் வேலை உடுப்போடு வந்து நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போனதில் முடிந்தது. கீழ் நீதிமன்றம் ஏறத்தாழப் பாதிப் பணத்தைக் கணக்கிட்டு 31.72 பவுண்டு தந்தது. 1972இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 125 பவுண்டு தரச் சொன்னது. கட்டிய விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. விடுமுறையில் விற்கப்படும் சரக்கே மகிழ்ச்சிதான்; அது கிடைக்காத ஏமாற்றத்துக்கும் இழப்பீடு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. நம் நுகர்வோர் ஆணையங்கள் மன உளைச்சலுக்கு என்று தனித் தொகை தருவதும் இந்த வழியிலான சிந்தனைதான்.

கடைசியாக, பொறுப்பு. படிவத்தின் மிக வலுவான வரி இதுதான்: ‘நாங்கள் ஓட்டல்களுக்கும் போக்குவரத்து நிறுவனங்களுக்கும் முகவர் மட்டுமே; அவர்களுடைய தவறுக்கு நாங்கள் பொறுப்பல்ல.’ வண்டி கவிழ்ந்தாலும் அறையில் பொருள் திருடுபோனாலும் இந்த வரிதான் பதில். இதைச் சோதிக்க இரண்டு தாள் போதும்.

ஒன்று பில். ஓட்டல், வண்டி எல்லாவற்றையும் சேர்த்த மொத்தத் தொகைக்கு, டூர் ஆபரேட்டர் என்ற வகையில் 5 சதவீத ஜிஎஸ்டி போட்டிருந்தால், அந்தச் சலுகை விகிதத்துக்கான நிபந்தனையே, பில்லில் உள்ளது தங்குமிடமும் போக்குவரத்தும் அடங்கிய மொத்த விலை என்பதுதான். வெறும் முகவர் தன் கமிஷனுக்கு மட்டும்தான் வரி போடுவார். வரித்துறையிடம் ‘டூர் முழுவதையும் நான் விற்றேன்’ என்றும், பயணியிடம் ‘நான் தரகன் மட்டும்’ என்றும் சொல்வது பொருந்தாது.

இரண்டாவது, ஓட்டல் பெயர் உள்ள தாள். பெரும்பாலும் ‘இந்த ஓட்டல் அல்லது அதற்கு இணையானது’ என்று இருக்கும். வண்டி யாருடையது என்று பெயரே இருக்காது. ஒப்பந்தச் சட்டத்தின் 230ஆம் பிரிவு, தன் முதலாளி யார் என்று சொல்லாத முகவர் ஒப்பந்தத்துக்குத் தானே கட்டுப்பட்டவர் என்று அனுமானிக்கிறது. யாருக்கு முகவர் என்றே சொல்லாதவர், முகவர் என்ற திரைக்குப் பின்னால் நிற்கமுடியாது என்பது என் வாசிப்பு. ‘இணையானது’ என்ற அந்தச் சொல் நிறுவனத்துக்கு வசதி தருவதோடு பொறுப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

பிரிட்டன் இதில் இன்னும் தூரம் போயிருக்கிறது. அதைக் காட்டும் ஒரு வழக்கின் களம் நமக்குப் பக்கத்தில், இலங்கை. 2010 ஜூலையில் குவோனி நிறுவனத்தின் பேக்கேஜில் இலங்கை சென்ற ஒரு பிரிட்டிஷ் பெண்ணை, வரவேற்பறைக்குக் குறுக்குவழி காட்டுவதாக அழைத்துப்போன ஓட்டல் ஊழியர் வன்கொடுமை செய்தார். அது ஓட்டல் ஊழியரின் தனிப்பட்ட குற்றம் என்றது நிறுவனம். வழக்கு 2021இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. விருந்தினருக்கு வழிகாட்டுவதும் விடுமுறைச் சேவையின் ஒரு பகுதி. அதைச் செய்யும்போது நடந்த குற்றத்துக்குப் பேக்கேஜை விற்றவரே பொறுப்பு என்று தீர்ப்பானது. இந்தியாவில் இவ்வளவு தெளிவான விதி இல்லை. கூரியர் ஒப்பந்தம் ஒன்றில், கையெழுத்திட்ட பொறுப்பு வரம்பு செல்லும் என்று 1996இல் பாரதி நிட்டிங் வழக்கில் நம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதனால் பொறுப்பைத் தொகையாக வரம்பிடும் வரி, பொறுப்பே இல்லை என்னும் வரியைவிட ஆபத்தானது. அதன் பக்கத்தில் கையெழுத்துப் போடுமுன் நின்று யோசிக்கவேண்டும்.

‘வழக்கு எங்கள் தலைமை அலுவலக ஊரில் மட்டும்’ என்ற வரிக்கும் ‘நடுவர் மன்றத்துக்கு மட்டும்’ என்ற வரிக்கும் பயப்படவேண்டாம். நடுவர் நிபந்தனை இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று எம்மார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நுகர்வோர் தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் தர 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது.

பில், விளம்பரத் தாள், ‘சேராதவை’ பட்டியல், ரத்து செய்த மின்னஞ்சல், கணக்குக் கேட்ட மின்னஞ்சல் இவற்றைப் பத்திரமாக வையுங்கள். மாவட்ட ஆணையம் 50 லட்சம் ரூபாய் வரையிலான சேவைகளுக்கான புகார்களை ஏற்கும். 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிடவேண்டும்.